கீறலா, வடமா? பழைய அச்சுப்படங்களைக் காணொளிக்குச் செப்பனிடுவது குறித்துச் சில கருத்துகள்

பழைய அச்சுப்படம் ஒன்றைக் காணொளியில் சேர்க்கும் முன் அதனைச் செப்பனிடுவோர் பெரும்பாலும் கேட்டுக்கொள்ளும் கேள்வி, படம் பார்ப்பதற்குத் தெளிவாக இருக்கிறதா என்பதே. அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பது என் கருத்து. நான் அழிக்கப்போகும் இந்தக் கோடு எதற்கு உரியது? தாளுக்கா, பிலிமுக்கா, படம் எடுக்கப்பட்ட அந்தக் காட்சிக்கா? தாளின் மேல் விழுந்த கீறலை நீக்குவது செப்பனிடுதல். காட்சியில் இருந்த கோட்டை நீக்குவது சான்றழித்தல். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதுதான் சிக்கல்.

இக்கேள்வி வேறு எங்கேனும் வெறும் நுணுக்கமாக இருக்கலாம், விழிஞ்ஞத்தில் அப்படியன்று. பன்னாட்டுத் துறைமுகத்தின் கட்டுமானம் 2015 டிசம்பரில் தொடங்கியது. ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளமுள்ள அலைத்தடுப்புச் சுவர் கடலுக்குள் எழுந்தது. 2022 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை நடந்த மீனவர் போராட்டத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று, கட்டுமானத்தை நிறுத்திவைத்துக் கரையரிப்பை ஆராய வேண்டும் என்பது. அரிப்புக்குத் துறைமுகமே காரணம் என ஒரு தரப்பும், புயல்களும் பிறவும் காரணம் என மறுதரப்பும் வாதிட்டன. 2025 மே மாதம் துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வாதம் மட்டும் முடிந்தபாடில்லை. இத்தகைய கரையில் ஒரு குடும்ப ஆல்பத்திலுள்ள படம் குடும்ப நினைவாக மட்டும் நின்றுவிடுவதில்லை. மணல் எதுவரை இருந்தது, வலை எங்கே இழுக்கப்பட்டது, சுவர் எங்கே முடிந்தது என்பவற்றுக்கு அது சாட்சியாகவும் ஆகிறது. இக்கரை பற்றிக் காணொளி எடுக்கும் மாணவர்கள் பலர் இத்தகைய படங்களைத் தேடிச் செல்கின்றனர். 1956 வரை ஒரே மாநிலத்தின் கரையாக இருந்து, இன்றும் கொண்டுகொடுத்து வாழும் குமரி மாவட்டத்துக் கடற்கரைக் குடும்பங்களிடமும் அவை கிடைக்கின்றன. ஆகவே இப்பதிவு அவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பேசுவது தெளிவு தரும். என் ஆய்வின்போது ஒரு குடும்பத்தார் நகலெடுக்கத் தந்த வண்ண அச்சுப்படம் அது. அளவு 9 சென்டிமீட்டருக்கு 13 சென்டிமீட்டர். விழிஞ்ஞத்துக்குத் தெற்கேயுள்ள மணற்கரையில் நின்று வடக்கு நோக்கி எடுக்கப்பட்டது. முன்புறம் சில ஆண்கள் பின்னோக்கிச் சாய்ந்து கரமடி இழுக்கின்றனர். ஓரத்தில் கட்டுமரங்கள் இரண்டு. தொலைவில் மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர். படம் 1985 வாக்கில் எடுக்கப்பட்டது என்பது குடும்பத்தாரின் நினைவு. பிளாஸ்டிக் உறை ஒட்டும் ஆல்பத்தில் பல்லாண்டு கிடந்ததால் முழுப் படமும் செங்கல் நிறமாகிவிட்டது. அதன்மேல் நான்கு குறிகள் தென்பட்டன. வானத்தின் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. படத்தின் நீளவாக்கில், தொடுவானத்தை ஒட்டி, ஒரு மெல்லிய கருங்கோடு. ஈர மணலின் மீது ஒரு வெளிறிய கோடு. அலைத்தடுப்புச் சுவரின் அருகே ஒரு சிறு சாம்பல் புள்ளி. செப்பனிடும் மென்பொருளின் தானியங்கித் தூசு நீக்கியைச் சோதனைக்காக ஒரு நகலின் மேல் ஓட்டிப் பார்த்தேன். நான்கும் மறைந்தன, படம் அழகாயிற்று. ஆனால் அந்த ஆண்கள் எதையும் பற்றாமல் வெறுங்கையோடு பின்னே சாய்ந்து நின்றனர். மணலின் மேல் இருந்த வெளிறிய கோடு கரமடியின் வடம்.

இதிலிருந்து நான் வந்தடைந்த நிலைப்பாடு இது: தானியங்கி நீக்கியை இத்தகைய படங்களின் மேல் ஓட்டக்கூடாது. ஒவ்வொரு குறியும் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்பதை முதலில் தீர்மானித்து, தாளுக்கும் பிலிமுக்கும் உரியவற்றை மட்டுமே கையால் நீக்க வேண்டும். கேட்பதற்குக் கடினமாகத் தோன்றினும், இதற்கு வேண்டியவை ஒரு சாதாரணத் தட்டை ஸ்கேனரும் ஒரு மாலைப்பொழுதும்தான்.

முதலில் ஸ்கேன் செய்வது பற்றி. கடற்கரை வீடுகளில் ஈரப்பதம் மிகுதி. அச்சுப்படத்தின் மேலடுக்கான ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி நெகிழ்ந்து, சட்டத்தின் கண்ணாடியோடும் ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளோடும் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதை உரித்தெடுக்க முயன்றால் உருவமே கண்ணாடியோடு போய்விடும். ஒட்டியிருந்தால் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்க. எவ்விதத் திரவத்தாலும் துடைக்க வேண்டா. கையில் எடுக்க இயலும் படமெனில் மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டிவிட்டு, வெள்ளை ஓரம் உட்பட முழுத் தாளையும் ஸ்கேன் செய்க. பின்புறத்தையும் தனியாக எடுக்க வேண்டும். ஸ்டுடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும்.

நுண்மை எவ்வளவு வேண்டும் என்பதை எண்களால் தீர்மானிக்கலாம். அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் எடுத்தால், ஏறத்தாழ மூன்றரை அங்குலத்துக்கு ஐந்து அங்குலமான இப்படம் 3000க்கு 2100 பிக்சல் வரும். 1920க்கு 1080 அளவுள்ள காணொளியில் முழுப் படத்தையும் காட்ட இது தாராளம். படத்தின் மூன்றிலொரு பகுதியை மட்டும் திரை நிறையக் காட்ட எண்ணினால் கிடைப்பது 1000 பிக்சலே. அப்போது 1200 என்ற அளவில் எடுக்க வேண்டும். அதற்கு மேல் செல்வதால் பயன் குறைவு. கடைகளில் அச்சிட்ட சாதாரணப் படங்களில் அவ்வளவு நுண்விவரம் இருப்பதில்லை.

நுண்மையினும் முக்கியமானது நிற ஆழம். இப்படத்தின் மிகக் கரிய பகுதியான கட்டுமரத்தின் நிழலில் அளந்தபோது, 256 படிகள் கொண்ட அளவுகோலில் சிவப்பு 118, பச்சை 41, நீலம் 52 என இருந்தன. வெள்ளை ஓரத்தில் சிவப்பு 238, பச்சை 226, நீலம் 196. அதாவது சிவப்பு அலைவரிசை முழுவதும் 118 முதல் 238 வரையிலான 120 படிகளுக்குள் சுருங்கிக் கிடக்கிறது. ஓர் அலைவரிசைக்கு 8 பிட் என எடுத்திருந்தால் இந்த 120 படிகளை 256 ஆக விரிக்கும்போது பாதிக்கும் மேற்பட்ட படிகள் வெற்றிடங்களாக நிற்கும். வானம் போன்ற சீரான பகுதிகளில் அவ்வெற்றிடங்கள் பட்டைபட்டையாகத் தெரியும். காணொளியாகச் சுருக்கும்போது அப்பட்டைகள் இன்னும் தடிக்கும். 16 பிட் என எடுத்தாலோ அதே இடைவெளியில் 30,000க்கும் மேற்பட்ட படிகள் கிடைக்கின்றன. விரித்தாலும் விரிசல் தெரியாது. ஆகவே 16 பிட், டிஃப் கோப்பு, ஸ்கேனரின் தானியங்கி நிறமீட்பு, கூர்மையாக்கல், தூசு நீக்கல் அனைத்தும் அணைக்கப்பட்ட நிலை: இதுவே தொடக்கம். இக்கோப்பின் மேல் ஒருபோதும் கை வைக்கலாகாது. வேலை அனைத்தும் அதன் நகலில்.

இனி அந்த நான்கு குறிகளுக்கு வருவோம்.

தாளின் மேற்பரப்பில் விழுந்த கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தின் விளிம்பு ஒளி வரும் திசையைப் பொறுத்துப் பளபளக்கும் அல்லது நிழல் தரும். தாளுக்குள் பதிந்த உருவமோ ஒளி எத்திசையிலிருந்து வந்தாலும் மாறாது. இந்த ஒரு வேறுபாடே நமக்குப் போதுமானது. முதற்சோதனைக்குக் கருவியே வேண்டா. படத்தைச் சன்னலருகே பிடித்து, கண்மட்டத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் மேற்பரப்புக் கீறல் மின்னும். உருவத்துக்குள் இருப்பது மின்னாது. இரண்டாம் சோதனை ஸ்கேனரால் செய்வது. ஸ்கேனரின் விளக்கு உணரியின் ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே படத்தை ஒருமுறை நேராகவும், மறுமுறை 180 பாகை திருப்பியும் வைத்து ஸ்கேன் செய்தால், அதே படம் எதிரெதிர்த் திசை ஒளியில் இருமுறை பதிவாகிறது. இரண்டாவதைக் கணினியில் திருப்பி, முதலாவதன் மேல் பொருத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் உருவம் மறைந்து மேற்பரப்புக் குறிகள் மட்டும் எஞ்சும். இலவச மென்பொருள்களான ஹியூகின், இமேஜ்மேஜிக் ஆகியவற்றைக் கொண்டு இதனை மூன்று கட்டளைகளில் செய்யலாம்:

```
magick b.tif -rotate 180 b2.tif
align_image_stack -a al_ a.tif b2.tif
magick al_0000.tif al_0001.tif -compose difference -composite -auto-level diff.tif
```

இங்கே `a.tif` நேராக எடுத்தது. `b.tif` திருப்பி வைத்து எடுத்தது. விடையாக வரும் `diff.tif` என்ற கரிய படத்தில் எது வெளிச்சமாகத் தெரிகிறதோ அது மேற்பரப்பைச் சேர்ந்தது. இம்முறைக்கு இரண்டு வரம்புகள் உண்டு. ஒளிபரவும் திசைக்கு இணையாக ஓடும் கீறல் இரண்டு ஸ்கேன்களிலும் ஒன்றுபோலவே மங்கித் தெரியும். எனவே ஐயம் எழுந்தால் படத்தை 90 பாகை திருப்பி வைத்து மற்றோர் இணை எடுக்க வேண்டும். அடுத்து, இரு ஸ்கேன்களும் ஒரு பிக்சல் அளவேனும் பொருந்தாவிடில் உருவங்களின் விளிம்புகள் யாவும் பொய்யாக ஒளிரும். எல்லா விளிம்பும் சேர்ந்து ஒளிர்ந்தால் அது கீறலன்று, பொருத்தப் பிழை என அறிக.

நம் படத்தில் வானத்தின் குறுக்கே ஓடிய வெள்ளைக் கோடு இச்சோதனையில் பளிச்சென ஒளிர்ந்தது. அது தாளுக்குரியது, ஐயமின்றி நீக்கலாம். மணல் மேலிருந்த வெளிறிய கோடு முற்றிலும் மறைந்தது. 90 பாகை திருப்பி எடுத்த இணையிலும் அது தோன்றவில்லை. அது உருவத்துக்குள் இருப்பது. சாய்ந்து நிற்பவரின் கைகளில் தொடங்கி நீர்விளிம்பில் முடிகிறது. வடமேதான்.

நீளவாக்கிலிருந்த கருங்கோடு சற்றே சூழ்ச்சியானது. கழித்தல் சோதனையில் அது மறைந்தது. ஆகவே தாளின் மேற்பரப்பைச் சேர்ந்ததன்று. ஆயினும் காட்சியைச் சேர்ந்தது என்று உடனே முடிவு கட்டலாகாது. 35 மில்லிமீட்டர் பிலிம் கேமராவுக்குள்ளும் கழுவும் எந்திரத்திலும் நீளவாக்கில் நகர்கிறது. வழியில் ஒரு மணல்துகள் சிக்கிக்கொண்டால் பிலிமின் நீளத்துக்கும் நேர்கோடாகக் கீறும். கடற்கரையில் எடுத்த பிலிம்களில் இது வியப்பன்று. நெகட்டிவின் படலம் சுரண்டப்பட்ட இடத்தில் ஒளி மிகுதியாகப் புகுவதால் அச்சில் அது கருங்கோடாக விழும். அதற்கு மாறாக நெகட்டிவின் மேல் ஒட்டிய தூசு ஒளியை மறைப்பதால் அச்சில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். நம் கோடு தொடுவானத்துக்கு இணையாகவும் மிக அருகிலும் ஓடியதால் எது தொடுவானம், எது கீறல் என்ற குழப்பம் எழுந்தது. அதனைத் தீர்ப்பதற்குக் கணினி வேண்டியதில்லை. தொடுவானம் மனிதருக்கும் கட்டுமரத்துக்கும் பின்னால் இருப்பது. அவர்கள் நிற்குமிடத்தில் அது மறைய வேண்டும். பிலிம் கீறலோ எல்லாவற்றுக்கும் மேலாக ஓடும். இக்கோடு ஒருவரின் தலைமுண்டின் மேலும் மற்றொருவரின் தோளின் மேலும் தடையின்றிச் சென்று, படத்தின் இரு ஓரங்களையும் தொட்டது. ஆகவே அது பிலிமுக்குரியது, நீக்கலாம். ஆனால் கவனமாக. அதற்கு ஒரு நூலளவு மேலே ஓடும் உண்மையான தொடுவானத்தை ஹீலிங் பிரஷ் விழுங்கிவிடக்கூடாது. தோளையும் தலைமுண்டையும் கடக்கும் இடங்களில் மட்டும் இரண்டு மூன்று பிக்சல் அகலத்தில் நீக்கிவிட்டு, கடலின் மேல் ஓடும் பகுதியைச் சற்றே மங்கச் செய்து விட்டுவிடுவதே பாதுகாப்பு.

எஞ்சியது அந்தச் சாம்பல் புள்ளி. பத்துப் பிக்சல் அகலம்தான். எவரும் தூசு என்றே சொல்வர். கழித்தல் சோதனையில் அது மறைந்தது. அதன் நிறமும் நெகட்டிவ் தூசு தரும் தூய வெள்ளையன்று, சுவரின் கருங்கற்களை ஒத்த சாம்பல். உருப்பெருக்கிப் பார்த்தால் செங்குத்தான இரு விளிம்புகள் தெரிந்தன. விழிஞ்ஞத்தின் அலைத்தடுப்புச் சுவரையொட்டிச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் அமைத்த அலைமின் நிலையத்தை நினைவுகூர்க. கடலலையின் ஏற்றவிறக்கத்தால் காற்றை அழுத்தி விசையாழியைச் சுழற்றும் வகையைச் சேர்ந்த, 150 கிலோவாட் திறனுள்ள முன்னோடி நிலையம் அது. 1991இல் இயங்கத் தொடங்கியது. அதன் காங்கிரீட் அறை சுவருக்கு வெளியே கடலில் தனித்து நின்றது. புள்ளி இருக்குமிடமும் அதன் அளவும் அவ்வறையோடு ஒத்துப்போகின்றன. பத்துப் பிக்சலை வைத்துக்கொண்டு உறுதிகூற இயலாது. கடந்துசென்ற ஒரு படகாகவும் அது இருக்கலாம். ஆனால் அந்த அறைதான் எனில், படம் 1985ஐச் சேர்ந்ததன்று; ஐந்தாறு ஆண்டுகளேனும் பிந்தியது. மணற்கரையின் அகலத்தை ஆண்டோடு பொருத்திப் பேசும் காணொளியில் இந்த வேறுபாடு அற்பமானதா? தானியங்கித் தூசு நீக்கி ஒரு நொடியில் துடைத்தெறிந்தது படத்தின் தேதியை.

நிறத்துக்கு வருவோம். வண்ண அச்சுத்தாளில் சியான், மெஜந்தா, மஞ்சள் என மூன்று சாயங்கள் அடுக்கடுக்காக உள்ளன. அக்காலத் தாள்களில், ஆல்பத்தின் இருட்டில் கிடந்த படத்தில் பெரும்பாலும் சியான் சாயமே முதலில் அழிந்தது. அதனால்தான் படம் சிவக்கிறது. சுவரில் வெளிச்சத்தில் தொங்கிய படத்தில் பெரும்பாலும் மெஜந்தா முன்னதாக வெளிறுகிறது. அது வேறுவகைத் திரிபு. ஆகவே படம் எங்கே இருந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்டறிவது செப்பனிடுதலின் ஒரு பகுதியே. சாயம் அழிவது அது எவ்வளவு இருந்ததோ அந்த வீதத்தில். நிழற்பகுதிகளில் இழப்பு மிகுதி, வெளிர்பகுதிகளில் குறைவு. வெளிர்பகுதியில் வேறொரு மஞ்சட்கறையும் சேர்கிறது. எனவே முழுப் படத்தின் மேலும் ஒரே அளவு நீலத்தைக் கூட்டினால் நிழல் சிவப்பாகவே இருக்கும், வெள்ளை மட்டும் நீலமாகும். ஒவ்வொரு அலைவரிசையையும் தனித்தனியே எடுத்து, அதன் கரிய முனையையும் வெளிர் முனையையும் முன்சொன்ன அளவீடுகளின்படி நிறுத்த வேண்டும். சிவப்புக்கு 118, 238. பச்சைக்கு 41, 226. நீலத்துக்கு 52, 196. இவ்வொரு செயலிலேயே செங்கல் நிறத்தின் பெரும்பகுதி அகன்றுவிடும். பின்பு நடுநிலை. அதற்கு, காட்சியில் உண்மையிலேயே சாம்பல் நிறமான ஒரு பொருள் வேண்டும். இங்கே அலைத்தடுப்புச் சுவரின் கருங்கற்கள் கைகொடுத்தன. அவற்றில் மூன்று எண்களும் ஏறத்தாழச் சமமாகும்வரை நடுப்பகுதியின் வளைவைச் சரிசெய்தால் போதும்.

இங்கே நிறுத்த வேண்டும் என்பதே என் வாதத்தின் இரண்டாம் பகுதி. இப்படத்தில் வானம் வெளிறி, ஏறத்தாழ வெண்மையாகவே நிற்கிறது. அங்கே முதலிலேயே குறைவாக இருந்த சியான் முழுதும் அழிந்துவிட்டது, மீட்பதற்கு எதுவுமில்லை. அவ்வானத்துக்கு நீலம் பூசினால் அது செப்பனிடுதலன்று, ஓவியம். அன்று மேகமூட்டமா, தெளிந்த வெயிலா என்பது நமக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாததாகவே விட வேண்டும். முகங்களுக்கும் இதே விதி. கருங்கல்லைக் கொண்டு நடுநிலை கண்டபின் தோலின் நிறம் எப்படி வருகிறதோ அப்படியே இருக்கட்டும். மென்பொருள்களின் தானியங்கித் தோல்நிறத் திருத்தம் கடலில் வெயிலில் உழைத்தவர்களைச் சிவப்பாக்கிக் காட்டும். நம் ஸ்டுடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டி முகத்தை வெளுப்பாக்கும் வழக்கம் முன்பு இருந்தது. அது வாடிக்கையாளர் கேட்டுப் பெற்ற அலங்காரம். நாம் அவர்களைக் கேட்கவில்லை.

இனிக் காணொளியின் தனித்தன்மைகள். எவ்வளவு செப்பனிடுவது என்பதைக் கணினித் திரையில் உருப்பெருக்கிப் பார்த்து முடிவு செய்வது வீண்வேலை. 2100 பிக்சல் உயரமுள்ள படம் 1080 பிக்சல் உயரத்துக்குச் சுருங்கும்போது இரண்டு பிக்சல் தூசு ஒரு பிக்சலாகிக் கண்ணுக்குத் தெரியாமற்போகும். ஆகவே முதலில் நிறத்தை மட்டும் சரிசெய்து, படத்தைக் காணொளியின் காலக்கோட்டில் வைத்து, காட்டப்போகும் அளவிலேயே ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கண்ணை உறுத்தும் குறிகளை மட்டும் பட்டியலிட்டு, அவற்றின் மேல் மட்டும் வேலை செய்க. இருநூறு புள்ளிகளுள் பத்துப் பன்னிரண்டே எஞ்சும். வேலை குறைவதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு: தொடாத இடத்தில் தவறும் நேராது.

மற்றொன்று சட்டகம். இப்படத்தின் அகலம் உயரத்தைப்போல் 1.43 மடங்கு; காணொளியின் அகலமோ 1.78 மடங்கு. திரை நிறையக் காட்ட வேண்டுமெனில் படத்தின் உயரத்தில் ஐந்திலொரு பங்கை வெட்ட வேண்டும். வானத்தை வெட்டினால் வெறுமையாகிறது என்று தொகுப்பாளர்கள் பெரும்பாலும் கீழ்ப்பகுதியை வெட்டுகின்றனர். இப்படத்தின் கீழ்ப்பகுதிதான் மணற்கரை. வடம் இழுப்போரின் காலுக்குக் கீழே எவ்வளவு மணல் விரிந்திருந்தது என்பதைக் காட்டும் ஒரே பகுதி அது. கீறல் நீக்குவதில் காட்டிய கவனம் அனைத்தையும் இந்த ஒரு வெட்டு வீணாக்கிவிடும். முழுப் படத்தையும், இயன்றால் அதன் வெள்ளை ஓரத்தோடு, இருபுறமும் கருமை விட்டுக் காட்டுவதே முறை. அதன்பின் வேண்டிய பகுதியை நோக்கி மெல்ல நெருங்கலாம்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்போர் உண்டு. அவர்களுடைய வாதத்தை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. கீறலும் கறையும் பார்வையாளரின் கவனத்தைச் சிதைக்கின்றன என்பது இயக்குநரின் நியாயம். தம் தந்தையின் முகத்தைத் தெளிவாகக் காண விரும்புவது குடும்பத்தின் உரிமை. குடும்பத்துக்கு அவர்கள் விரும்பியவண்ணம் ஒரு படி செய்து தரலாம், தர வேண்டும். அது அவர்களுடைய படம். ஆனால் ஆவணக் காணொளி என்று பெயர் சூட்டிப் பொதுவெளியில் வைக்கும்போது நிலைமை மாறுகிறது. புத்தகத்தில் அச்சான படத்தை வாசகர் நேரம் எடுத்து நோக்கலாம், ஐயுறலாம், மீண்டும் புரட்டலாம். காணொளியில் ஒரு படம் ஐந்து நொடி நின்று மறைகிறது. பார்ப்பவர் அதனை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அதுவுமன்றி, நாளடைவில் மூலத் தாள் ஈரத்தாலும் பூஞ்சையாலும் அழிந்துபோக, காணொளியில் உள்ள திருத்திய வடிவமே எஞ்சி, அதுவே மூலமென எடுத்தாளப்படும். ஆகவே நூலைக் காட்டிலும் காணொளிக்குச் செப்பனிடும்போதுதான் கை அடங்கியிருக்க வேண்டும்.

இதனை நடைமுறைப்படுத்தப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கோப்புகள்: தொடாத ஸ்கேன், திருத்தங்கள் தனித்தனி அடுக்குகளாக உள்ள வேலைக் கோப்பு, காணொளியில் சென்ற வடிவம். அவற்றோடு நான்கு வரிக் குறிப்பு: நிறத்தின் முனைகள் எந்த எண்களில் நிறுத்தப்பட்டன, எந்தக் கோடுகள் நீக்கப்பட்டன, ஏன், எவை ஐயத்தால் விடப்பட்டன. காணொளியில் படம் தோன்றும்போது ஓரத்தில் சிறிய எழுத்தில் ‘நிறம் திருத்தியது’ என்ற ஒரு சொற்றொடர். பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் ஆதரவோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களை எண்மயமாக்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் முயற்சி, எளிய மனிதரின் படங்களும் ஆய்வு மூலங்களே என்பதை நம் துறைக்கு உணர்த்தியது. மூலம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டால் அதன் பாடத்தைத் திருத்துவோர்க்குரிய ஒழுக்கத்தையும் ஏற்க வேண்டும். ஓலைச்சுவடியில் சிதைந்த இடத்தைப் பதிப்பாசிரியர் தம் கற்பனையால் நிரப்புவதில்லை, புள்ளியிட்டுக் காட்டுகிறார். பாடபேதத்தை அடிக்குறிப்பில் தருகிறார். ஒளிப்படத்துக்கு மட்டும் நாம் ஏன் அந்த நேர்மையைக் கைவிட வேண்டும்?

ஆய்வு மாணவர்களுக்கும் அவர்களை நெறிப்படுத்துவோர்க்கும் என் வேண்டுகோள் ஒன்றே. களப்பணியின் பகுதியாகக் காணொளி சமர்ப்பிக்கப்படும்போது, அதில் இடம்பெறும் பழைய படங்களின் தொடாத ஸ்கேன்களையும் திருத்தக் குறிப்புகளையும் சேர்த்தே கேளுங்கள். மேற்கோளுக்கு நூற்பெயரும் பக்க எண்ணும் கேட்பதைப்போல. நான் பேசிய படம் எடுக்கப்பட்ட அக்கரையின் ஒரு பகுதி இன்று துறைமுக எல்லைக்குள் இருக்கிறது. அங்கே சென்று மணலை அளந்து சரிபார்க்க இனி எவராலும் இயலாது. எஞ்சியிருப்பது செங்கல் நிறமான ஒரு தாள், அதில் மெல்லிய கோடாக ஒரு வடம், பத்துப் பிக்சல் அகலத்தில் ஒரு சாம்பல் புள்ளி.